ஆரி வேலை செய்யும் வீடுகளின் பதிவுகள் ஏன் சிதறித் தெரிகின்றன?

வேலூர் சத்துவாச்சாரியிலோ குடியாத்தத்திலோ வீட்டு முன்னறையில் மரச் சட்டம் போட்டு, பிளவுஸுக்கு ஆரி வேலை செய்து தரும் ஒரு பெண்ணின் இன்ஸ்டாகிராம் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். திங்கட்கிழமை ஒரு கல்யாண பிளவுஸ். செவ்வாய்க்கிழமை தன்னம்பிக்கை வாசகம். அடுத்து ஏதோ ஒரு பண்டிகைக்கு வாழ்த்து அட்டை, பிறகு பத்து நாள் மௌனம், அதன் பின் தள்ளுபடி அறிவிப்பு. வேலை சுத்தமாக இருக்கும். ஆனால் பக்கத்தைப் பார்க்கும் அம்மாவுக்கோ மணப்பெண்ணுக்கோ இவர் எதில் கெட்டிக்காரர் என்பது பிடிபடாது.

இதைச் சரிசெய்ய நான்கு தலைப்புகளை நிலையாக வைத்துக்கொண்டு, எல்லாப் பதிவுகளையும் அவற்றுக்குள் அடக்கச் சொல்வார்கள். கன்டென்ட் பில்லர் என்பது அதுதான். யோசனை சரியானது. தவறு நடப்பது தலைப்பைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில்.

பெரும்பாலானவர்கள் எங்கோ பார்த்த பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள்: கற்பித்தல், ஊக்கம், பொழுதுபோக்கு, விற்பனை. இந்த நான்கும் ஊறுகாய் விற்பவருக்கும் பொருந்தும், டியூஷன் எடுப்பவருக்கும் பொருந்தும். அதனால்தான் யாருக்கும் உதவுவதில்லை. வேறு சிலர் ரீல்ஸ், போட்டோ, லைவ் என்று பிரிக்கிறார்கள். அவை சொல்லும் விதங்கள். எதைச் சொல்வது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

தலைப்புகள் இருக்கும் இடம் உங்கள் வாட்ஸ்அப். கடந்த கல்யாண சீசனில் வந்த உரையாடல்களைத் திறந்து, அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் வாடிக்கையாளர்கள் கேட்ட கேள்விகளை மட்டும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள். "இவ்வளவு விலையா?" "ஆரணிப் பட்டோடு வரும் பிளவுஸ் துணியிலேயே செய்யலாமா?" "மணி உதிருமா?" "நான் ஓசூரில் இருக்கிறேன், அளவு பிளவுஸ் அனுப்பினால் போதுமா?" "கல்யாணம் இருபதாம் தேதி, முடியுமா?" இரண்டு பக்கம் எழுதினால் போதும், அவை தாமாகவே நான்கு குவியலாகச் சேரும்: விலை ஏன் மாறுகிறது, எந்தத் துணிக்கு எந்த வேலை, நீடித்து உழைப்பதும் பராமரிப்பும், அளவும் நாளும். இந்த நான்கும்தான் உங்கள் தூண்கள்.

அடுத்த தவறு, தூணை அகலமாக வைப்பது. 'அழகு', 'பெண்கள்', 'பாரம்பரியம்' என்று தலைப்பு வைத்தால் எதை வேண்டுமானாலும் அதற்குள் போடலாம், பழைய சிதறல் திரும்பிவிடும். ஒரு தலைப்பின் கீழ் ஒரே அமர்வில் பத்துப் பதிவுகளுக்கு விஷயம் எழுத முடிகிறதா, அந்தப் பத்தும் யாரோ உண்மையில் கேட்டதற்குப் பதிலா என்று பாருங்கள். மூன்றோடு நின்றுவிட்டால் அது தனித் தூண் ஆகாது. இன்னொன்றின் கிளையாக வைத்துக்கொள்ளுங்கள்.

'நீடித்து உழைப்பதும் பராமரிப்பும்' என்பதை மட்டும் பிரித்துப் பார்க்கலாம். எனக்கு மிகவும் பிடித்த தூண் இது, ஏனென்றால் எல்லோரும் பிளவுஸின் முன்பக்கத்தையே காட்டுகிறார்கள். ஆரி ஊசி போடுவது சங்கிலித் தையல். நுனியை முடிச்சிட்டுப் பூட்டாவிட்டால், ஒரு இழையை இழுத்தாலே வரிசையாகப் பிரிந்து வந்துவிடும். ஆகவே துணியைத் திருப்பி, பின்பக்க முடிச்சுகளை நெருக்கத்தில் காட்டுங்கள். "மணி உதிருமா?" என்ற கேள்விக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது. முடிச்சுகள் உடம்பில் உரசாமல் இருக்க லைனிங் எப்படி வைக்கிறீர்கள் என்பது இரண்டாவது பதிவு. வைகாசிக் கல்யாணம் என்றால் வேலூர் வெயில் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை, அக்குளில் வியர்வை பேட் வைத்துத் தைப்பது மூன்றாவது. சென்ட்டை ஜரியின் மேல் நேராக அடித்தால் கறுக்கும் என்பது நான்காவது. உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, பருத்தித் துணியில் சுற்றி வைப்பது ஐந்தாவது. இஸ்திரி போடுவதாக இருந்தால் உள்பக்கத்தில்தான் என்பது ஆறாவது. இதில் ஒன்றுகூட வாழ்த்து அட்டை போல எங்கிருந்தோ எடுத்ததாகத் தெரியாது.

நான்கு தூண்களையும் வருடம் முழுக்கச் சம அளவில் சுற்றவிடுவதும் தவறுதான். இங்கேதான் பலருக்கு ஆர்டர் கைநழுவுகிறது. ஆடியில் கல்யாணம் இல்லை, அதனால் பதிவும் வேண்டாம் என்று நிறுத்திவிடுகிறார்கள். கணக்கைப் பின்னோக்கிப் போடுங்கள். கனமான ஒரு மணப்பெண் பிளவுஸுக்குக் கைவேலை பன்னிரண்டு நாள், தையல் மூன்று நாள், போட்டுப் பார்த்துத் திருத்த இரண்டு நாள், முன்னால் காத்திருக்கும் வேலைக்கு நான்கு நாள் என்று வைத்தால் மூன்று வாரம். பார்த்து, வீட்டில் பேசி முடிவெடுக்க அவர்களுக்கு இரண்டு வாரம். ஆக, ஆகஸ்ட் கடைசி வாரத்தில் ஆவணி முகூர்த்தம் என்றால் பதிவு கண்ணில் பட வேண்டியது ஜூலை மூன்றாவது வாரத்தில். அது ஆடியின் தொடக்கம். தள்ளுபடியில் பட்டு எடுக்கப் பலர் கிளம்புவதும் அப்போதுதான்.

எனவே ஆனிக் கடைசியில் துணித் தூணுக்கு அதிக இடம் கொடுங்கள். சேலை வாங்கும் முன் பிளவுஸ் பகுதியின் நிறத்தையும் நெசவையும் எப்படிப் பார்ப்பது என்று சொல்லுங்கள். ஆடி முதல் பாதியில் விலை: கழுத்துக்கு மட்டும் நூல் வேலை, கை முழுக்க ஜர்தோசியும் கட் பீட்ஸும் என இரண்டு பிளவுஸை அருகருகே வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஆன மணிநேரத்தை எழுதுங்கள். ஆடி நடுவிலிருந்து அளவும் நாளும். ஆரி வேலை நடப்பது பிளவுஸைத் தைப்பதற்கு முன், அளவு குறித்த துணியில். கல்யாணத்துக்குள் பெண் இளைத்தாலோ பூசினாலோ சரிசெய்ய, பக்கத் தையல் ஓரத்தில் மணி வைக்காமல் இடம் விட வேண்டும் என்பதை அப்போது விளக்கினால், கடைசி நேரச் சண்டை பாதி குறையும். ஆவணி பிறந்ததும் பராமரிப்பு. மார்கழிக்கும் தைக்கும் இதே கணக்குதான், மாதம் மட்டும் மாறும்.

பண்டிகை வாழ்த்து போடக் கூடாதா? ஸ்டேட்டஸில் போடுங்கள், ஒரு நாளில் மறைந்துவிடும். பக்கத்தில் நிற்பதாக இருந்தால் அது ஒரு தூணைத் தொட வேண்டும். வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு வாழ்த்துச் சொல்பவர், "திருவிழா முடியும் வரை குடியாத்தம் பக்கம் பிளவுஸ் ஒப்படைப்பு இல்லை, முன்னதாக வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சேர்த்தால் அது நாள் தூணின் பதிவாகிவிடும்.

பலன் தெரிகிறதா என்று லைக்கை எண்ணிப் பார்ப்பதில் பயனில்லை. அதே நோட்டில், சீசன் முடிந்ததும் புதிய கேள்விகளை எழுதிப் பாருங்கள். "இவ்வளவு விலையா?" குறைந்து, "இரண்டாவதாகக் காட்டிய கை வேலை எனக்கு எப்போது கிடைக்கும்?" என்று வந்தால் விலைத் தூண் வேலை செய்கிறது. ஒரு தலைப்பில் சீசன் முழுக்கப் பதிவிட்டும் அது பற்றி ஒருவரும் பேசவில்லை என்றால் அதை எடுத்துவிட்டு, நோட்டில் புதிதாகத் தலைகாட்டும் கேள்விக்கு அந்த இடத்தைக் கொடுங்கள். வாராவாரம் மாற்ற வேண்டாம், கல்யாண சீசனுக்கு ஒரு முறை போதும்.