குளிர் ஊரில் சின்னக் கடைக்கு கிரீஸ் டிராப்

ஹட்டன், நுவரெலியா பக்கம் கொத்து, ரோல்ஸ் போடும் சின்னக் கடை என்றால், சிங்க் தண்ணீரில் வரும் கொழுப்பைப் பிடித்து வைக்கும் தொட்டியான கிரீஸ் டிராப்பைக் கண் மதிப்பில் வாங்காதீர்கள். 45 சென்டிமீட்டர் சதுரம், 30 ஆழம் உள்ள சிங்க் ஒன்று சுமார் 60 லீட்டர் பிடிக்கும். இரண்டு சிங்க், முக்கால்வாசித் தண்ணீர் என்றால் 90 லீட்டர் ஒரே மூச்சில் இறங்கும், அதனால் தொட்டி குறைந்தது அந்த அளவாவது இருக்கட்டும்.

வாசனைக்குப் பயந்து கடைக்குப் பின்னால் தூரமாக வைப்பார்கள். இந்தக் குளிருக்குக் கொழுப்பு தொட்டிக்குப் போகும் முன்பே குழாயில் உறைந்துவிடும், சிங்க் மெதுவாக வடியத் தொடங்கினால் முதலில் அந்தக் குழாயைப் பாருங்கள். சிங்குக்குப் பக்கத்திலேயே, மூடி திறக்க இடம் விட்டு வையுங்கள். கழிவறைக் குழாயை இதில் சேர்க்கவே கூடாது.

அப்புறம் சுத்தம். ஒரு குச்சியை அடிவரை விட்டுப் பாருங்கள்: தண்ணீர் ஆழம் 40 சென்டிமீட்டர் என்றால், மேலே உள்ள கொழுப்பும் அடிச்சேறும் சேர்ந்து 10 வந்ததுமே எடுத்துவிட வேண்டும். காலையில் கடை திறக்கும் முன் கொழுப்பு கட்டியாக இருக்கும், கரண்டியால் சுலபமாக அள்ளலாம். கொதிநீர் ஊற்றிக் கரைத்தால் அது அடுத்த வளைவில் போய் உறையும், அவ்வளவுதான். அள்ளி முடிந்ததும் நல்ல தண்ணீர் நிரப்பிவிட்டு சிங்கைத் திறங்கள், இல்லாவிட்டால் முதல் கழுவலின் எண்ணெய் நேரே வெளியே ஓடும்.