படத்தை யூடியூப்ல போட முதல் இதைப் பாருங்க

கொழும்புல படம் முடிச்ச ஆக்கள் கனபேர் முதல்ல யூடியூப்ல போட்டுட்டுப் பிறகுதான் படத்தை டிவி, ஓடிடிக்கு வித்துத் தாற சேல்ஸ் ஏஜென்ட் தேடுறாங்க, ஆனா பப்ளிக்கா ஒருநாள் கிடந்தாலே பெரும்பாலான வாங்குற ஆக்களுக்கு அது ரிலீஸான படம்தான், பிரீமியர் கேக்குற படவிழாக்களும் எடுக்காது. அதால ஏஜென்ட்டுக்கு பாஸ்வேர்ட் போட்ட லிங்க் மட்டும் அனுப்புங்க.

ஏஜென்ட் ஓம் எண்டா கமிஷனை மட்டும் பார்க்காதீங்க, செலவையும் பாருங்க. உதாரணத்துக்கு படம் 4000 டொலருக்கு வித்தா, 25 வீத கமிஷன் 1000 போகும், பிறகு போஸ்டர், பட மார்க்கெட் ஸ்டோல் எண்டு 2500 செலவு கழிப்பாங்க, உங்களுக்கு மிஞ்சுறது 500. செலவுக்கு உச்ச வரம்பு ஒப்பந்தத்துல எழுதாட்டி அந்த 500உம் இல்ல.

அதே 500ஐ நீங்களே ஒரு ஒன்லைன் தளத்துல 3 டொலர் வாடகைக்கு விட்டு எடுக்கலாமா? தளம் 10 வீதம் எடுத்தா ஆளுக்கு 2.70, அப்ப 186 பேர் காசு கட்டினா சரி, டொரொண்டோ லண்டன் சொந்தக்காரரே காணும் (ஓசில லிங்க் கேக்காட்டி!). ஆனா அந்தத் தளம் இலங்கை வங்கிக் கணக்குக்கு காசு அனுப்புமா எண்டு முதல்ல பாருங்க.

டிவி, பெரிய ஓடிடி கதவெல்லாம் ஏஜென்ட்டாலதான் லேசா திறக்கும். அதனால நான் எண்டா ஏஜென்ட்டிட்ட குடுப்பன், ஆனா எல்லா நாட்டையும் எழுதிக் குடுக்க மாட்டன், இலங்கையையும் சொந்த வெப்சைட் விற்பனையையும் எனக்கே வச்சுக்கொண்டு, குறிச்ச காலத்துக்குள்ள விக்காட்டி உரிமை திரும்பி வரணும் எண்டும் எழுதச் சொல்லுவன்.