குர்தாவுக்கு மேல் நேரு ஜாக்கெட்: முதல் முறை அணிபவர்களுக்கு

போன டிசம்பரில் சித்தப்பா மகன் தன் நண்பனின் கல்யாணத்துக்காக ஜெய்ப்பூர் போகக் கிளம்பினான். கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலை சங்கீத் நிகழ்ச்சி. அதற்காகக் குர்தாவும் நேரு ஜாக்கெட்டும் ஆன்லைனில் வாங்கி வைத்திருந்தான். கிளம்புவதற்குப் பத்து நாள் முன்னால் போட்டுக் காட்டினான். மூன்றாவது, நான்காவது பட்டன்களின் இரண்டு பக்கமும் துணி இழுத்துக்கொண்டு குறுக்குக் கோடுகள் விழுந்தன, கழுத்தில் இரண்டு காலர்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தன. குர்தாவும் நல்ல குர்தா, ஜாக்கெட்டும் நல்ல ஜாக்கெட். இரண்டையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்திருந்தான், தவறு அதுதான். அன்றைக்கு அவனுக்குச் செய்து கொடுத்ததையே இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் பெயர். வடக்கே இதைச் சத்ரி என்றும் பண்டி என்றும் சொல்வார்கள். நேருவின் புகைப்படங்களில் அதிகம் தெரிவது கை வைத்த நீளமான அச்கன் கோட்டுதான். அதிலிருக்கும் மடிப்பில்லாத நின்ற காலர் இந்தக் குட்டைக் கையில்லாத உடுப்பிலும் இருப்பதால் நேரு ஜாக்கெட் என்ற பெயர் நிலைத்துவிட்டது. நம் ஊர்த் தையல் கடையில் வெறுமனே ‘ஜாக்கெட்’ என்றால் புடவை ரவிக்கையைத்தான் நினைப்பார்கள். ‘குர்தா மேல போடுற நேரு ஜாக்கெட்’ என்று முழுதாகச் சொல்லுங்கள்.

குர்தாவை முதலில் முடிவு செய்யுங்கள்

ஜாக்கெட் உட்காருவது உடம்பின் மேல் இல்லை, குர்தாவின் மேல். அதனால் குர்தாவை வாங்கி, ஒரு முறை துவைத்து, இஸ்திரி போட்ட பிறகுதான் ஜாக்கெட்டைத் தேட வேண்டும். பருத்திக் குர்தா முதல் துவைப்பிலேயே கொஞ்சம் சுருங்கும். நீளமும் காலரும் எங்கே நிற்கின்றன என்பது அதன் பிறகுதான் உறுதியாகத் தெரியும்.

குர்தா மெல்லியதாகவும் வழவழப்பாகவும் இருக்கட்டும். மெல்லிய பருத்தி, பருத்தியும் பட்டும் கலந்த துணி, இரண்டும் சரியாக இருக்கும். தடித்த கதர்க் குர்தா தனியாகப் போட அழகு, ஆனால் ஜாக்கெட்டுக்குள் போனால் அக்குளிலும் இடுப்பிலும் சுருண்டு மேடு கட்டும். மார்பில் நிறைய எம்பிராய்டரி உள்ள குர்தாவும் வேண்டாம். ஜாக்கெட் அதை மறைத்துவிடும், உள்ளேயிருந்து முண்டும்.

நீளத்தில் முழங்கால் தொடும் குர்தாதான் இதற்கு ஏற்றது. தம்பியின் உயரம் 5 அடி 8 அங்குலம். அவன் குர்தா 40 அங்குலம், ஜாக்கெட் 27 அங்குலம். ஜாக்கெட்டுக்குக் கீழே சுமார் 13 அங்குலம் குர்தா தெரிந்தது, பார்க்க நன்றாக இருந்தது. இடுப்பு வரை வரும் குட்டைக் குர்தா என்றால் மூன்று நான்கு அங்குலம்தான் வெளியே தெரியும். சட்டையை உள்ளே விட மறந்தது போல இருக்கும்.

தோள் பார்த்து அளவு எடுங்கள், மார்பு பார்த்து அல்ல

தம்பி செய்த தவறு இங்கேதான். அவனுக்கு மார்பு 38 அங்குலம், அதனால் 38 வாங்கிவிட்டான். வயிறு 37 அங்குலம் என்பதையும், நடுவில் ஒரு குர்தா இருக்கும் என்பதையும் கணக்கில் எடுக்கவில்லை.

அளவு எடுக்கும்போது அந்தக் குர்தாவைப் போட்டுக்கொண்டே எடுங்கள். டேப்பை மார்பைச் சுற்றி ஒரு முறை, வயிறு அதிகம் இருக்கும் இடத்தில் ஒரு முறை. மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டாம், கைகளைச் சும்மா தொங்க விடுங்கள். அப்புறம் ஜாக்கெட்டைப் போட்டு எல்லா பட்டனும் போடுங்கள். மார்புக்கும் ஜாக்கெட்டுக்கும் நடுவில் உள்ளங்கையைத் தட்டையாக நுழைத்தால் தடையில்லாமல் போக வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தும் பாருங்கள். உட்காரும்போது வயிற்றுப் பட்டனைச் சுற்றிக் கோடுகள் விழுந்தால் ஒரு அளவு பெரிதாக வேண்டும். தம்பிக்கு 40 சரியாக இருந்தது.

இருந்தாலும் கடைசி முடிவு தோளில்தான். ஜாக்கெட்டின் தோள் ஓரம் உங்கள் தோள் எலும்பின் முனையில், அல்லது அரை அங்குலம் உள்ளே முடிய வேண்டும். வெளியே நீண்டால் இரண்டு பக்கமும் சிறகு மாதிரி விறைத்து நிற்கும். இதைத் தையல்காரர் சரிசெய்வது கடினம், காலரையும் கைக்குழியையும் பிரிக்க வேண்டியிருக்கும். பக்கவாட்டுத் தையலைப் பிடிப்பதோ விடுவதோ எளிது. லைனிங்கைக் கொஞ்சம் பிரித்தால் உள்ளே எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று தையல்காரர் பார்த்துச் சொல்லிவிடுவார். வயிறு மட்டும் கொஞ்சம் இறுக்கம், தோள் கச்சிதம் என்றால் அந்த ஜாக்கெட்டையே எடுத்துக்கொண்டு பக்கத்தை விடச் சொல்லலாம். தோள் பெரிதாக இருந்தால், வயிறு எவ்வளவு பொருந்தினாலும் வைத்துவிடுங்கள்.

கைக்குழியில் இரண்டு விரல் நுழையும் இடம் போதும். அதைவிட இறுக்கமாக இருந்தால் குர்தாவின் கை அங்கே கசங்கிச் சுருளும், ஒரு மணி நேரத்தில் அக்குளில் உறுத்தும். மிக இறக்கமாக இருந்தால் கையைத் தூக்கும்போது குர்தா பை போல வெளியே வரும். கும்பிடு போடுவது போலக் கைகளைச் சேர்த்துப் பாருங்கள், இரண்டு குறையும் உடனே தெரிந்துவிடும்.

இரண்டு காலர், ஒரு கழுத்து

குர்தாவும் ஜாக்கெட்டும் ஒத்துப்போகாத இடம் பெரும்பாலும் கழுத்துதான். புதிதாக அணிபவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை.

குர்தாவுக்கும் நின்ற காலர், ஜாக்கெட்டுக்கும் நின்ற காலர். குர்தாவின் காலர் ஜாக்கெட் காலரைவிடக் கொஞ்சம் குட்டையாகவோ, ஏறக்குறைய சம உயரமாகவோ இருக்க வேண்டும். மேலே நூலிழை போலக் குர்தா எட்டிப் பார்த்தால் அழகு. அரை அங்குலம் தெரிந்தால் உள்ளே இருப்பது வெளியே தள்ளிக்கொண்டு வருவது போலத் தோன்றும். தம்பியின் குர்தா காலர் ஒன்றரை அங்குலம், விறைப்பான கேன்வாஸ் வைத்துத் தைத்தது. ஜாக்கெட் காலரும் அதே ஒன்றரை, அதே விறைப்பு. இரண்டு விறைப்பும் சேர்ந்து தொண்டையில் முட்டின. தையல்காரர் குர்தா காலரைப் பிரித்து, உள்ளிருந்த கேன்வாஸை எடுத்துவிட்டு, ஒன்றேகால் அங்குலமாகக் குறைத்துத் தைத்தார். சின்ன வேலைதான், ஆனால் முழு உடையும் அதற்குப் பிறகுதான் அமைந்தது.

எல்லாம் மூடிய பிறகு கழுத்துக்கும் காலருக்கும் நடுவில் ஒரு விரல் நுழைய வேண்டும். சட்டைக் காலர் போல மடிந்து வரும் பதானி குர்தாவை இந்த ஜாக்கெட்டுக்குள் போட வேண்டாம். அந்த மடிப்பு எங்கே போவது என்று தெரியாமல் பிதுங்கும்.

துணியும் நிறமும்

ஜாக்கெட்டில் ஜரிகையோ பூ வேலையோ இருந்தால் குர்தா ஒரே நிறமாக, வெறுமையாக இருக்கட்டும். ஜெய்ப்பூர் டிசம்பர் இரவு நன்றாகக் குளிரும், அதனால் தம்பிக்கு வெல்வெட் ஜாக்கெட் ஒத்துவந்தது. அதே ஜாக்கெட்டைச் சென்னையில் தீபாவளி மாலைக்குப் போட்டால் அரை மணி நேரத்தில் கழற்றத் தோன்றும். கடலோர ஊர்களுக்கு லினன், கதர், பட்டு நூல் தடிமனாகத் தெரியும் ராசில்க் போன்றவற்றைப் பாருங்கள். வெளித்துணியைவிட உள் லைனிங்தான் வியர்வையைத் தீர்மானிக்கிறது. பாலியஸ்டர் லைனிங் இருந்தால் வெளியே கதராக இருந்தும் பயனில்லை. தைக்கக் கொடுப்பதாக இருந்தால் முதுகுக்கு மெல்லிய பருத்தி லைனிங் கேளுங்கள்.

மண்டபத்து மஞ்சள் வெளிச்சத்தில் கருநீலமும் கறுப்பும் ஒன்றாகத்தான் தெரியும். மாலை நிகழ்ச்சிக்கு நீலம் வேண்டும் என்று நினைப்பவர்கள் ஒரு படி வெளிறிய நீலமாக எடுங்கள். தம்பி யானைத் தந்த நிறக் குர்தாவுக்கு மேல் பாட்டில் பச்சை போட்டான், கீழே அதே தந்த நிறச் சுடிதார் பைஜாமா.

வேட்டியோடு அணியும் வழக்கமும் நம் ஊரில் இருக்கிறது. இடுப்பில் சுருட்டிச் செருகிய மேடு ஜாக்கெட்டின் முன்புறத்தைத் தூக்கும் என்பது மட்டும்தான் இதில் பிரச்சினை. வெல்க்ரோ ஒட்டும் வேட்டி கட்டினால் தட்டையாக இருக்கும். சாதாரண வேட்டி என்றால் சுருட்டலைப் பக்கவாட்டுக்குத் தள்ளி, மேலே தட்டையான பெல்ட் போடுங்கள்.

அன்று மாலை அணியும் வரிசை

பைஜாமா நாடாவின் முடிச்சை நடுவில் போடாமல் கொஞ்சம் ஓரமாகப் போடுங்கள், இல்லாவிட்டால் கடைசிப் பட்டன் மேல் முண்டும். குர்தாவைப் போட்டுக் கழுத்துப் பட்டன் வரை மூடுங்கள். பிறகு ஜாக்கெட். பட்டன்களைக் கீழிருந்து மேலாகப் போட்டால் இரண்டு பக்கமும் சமமாக விழும். மூடிய பிறகு குர்தாவின் கீழ் ஓரத்தை முன்னாலும் பின்னாலும் பிடித்து மெதுவாகக் கீழே இழுங்கள். உள்ளே சுருண்டிருப்பதெல்லாம் சமமாகிவிடும். இதைச் செய்யாமல் கிளம்புபவர்களுக்குத்தான் மார்பில் காரணம் தெரியாத மேடு இருக்கும்.

கைப்பேசியைக் குர்தாவின் பக்கப் பையில் போடாதீர்கள். ஜாக்கெட் ஓரம் அந்தப் பை வாயை மறைப்பதால் ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் தூக்க வேண்டியிருக்கும், குர்தாவும் ஒரு பக்கம் சாயும். ஜாக்கெட்டில் உள்பை இருந்தால் பணமும் சாவியும் அதில் இருக்கட்டும், கைப்பேசியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிற்கும்போது எல்லா பட்டனும் மூடியிருக்கட்டும். சாப்பிட உட்காரும்போது கடைசி ஒன்றையோ இரண்டையோ கழற்றிவிடுங்கள். முழுவதும் திறந்துவிட்டுப் போடுவதும் நல்ல தோற்றம்தான், ஆனால் அப்போது குர்தாவின் முன்பட்டி முழுதும் தெரியும். அங்கே கசங்கலும் கறையும் இருக்கக்கூடாது.

வீட்டுக்கு வந்ததும் அலமாரிக்குள் வைக்காமல், அகலமான ஹேங்கரில் ஓர் இரவு காற்றில் தொங்க விடுங்கள். கழுத்து உட்புறத்தை ஈரத்துணியால் ஒற்றி எடுத்தால் வியர்வை படியாது. முன்புறத்தின் உள்ளே ஒட்டிய கேன்வாஸ் இருந்தால் வீட்டில் துவைக்காதீர்கள், டிரை கிளீனிங் கொடுங்கள். தண்ணீரிலோ அதிகச் சூட்டிலோ அந்தப் பசை விட்டு, மார்பில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் எழும். ஒருமுறை எழுந்துவிட்டால் எந்த இஸ்திரியாலும் அதை முழுதாகப் படிய வைக்க முடியாது.