லாப நட்டமற்ற புள்ளி: 1,333-ஆ, 1,334-ஆ?

ஒரு பையின் விற்பனை விலை 80, மாறும் செலவு 50, மாத நிலைச் செலவு 40,000, மாத விற்பனை 2,000 பைகள் என்று வைத்துக்கொள்வோம். எந்த நாணயமானாலும் கணக்கு ஒன்றுதான். லாபமும் நட்டமும் இல்லாமல் இருக்க மாதம் எத்தனை பை விற்க வேண்டும் என்பதே கேள்வி.

முதலில் ஒரு பையின் பங்களிப்பு, அதாவது நிலைச் செலவை ஈடுகட்ட ஒரு பையில் மிஞ்சும் தொகை: 80 − 50 = 30. நிலைச் செலவை இதால் வகுத்தால் 1,333.33 வரும். பலர் இங்கேதான் 1,333 என்று எழுதிவிடுகிறார்கள். 1,333 பை விற்றால் பங்களிப்பு 39,990. இன்னும் 10 நட்டம். ஆகவே பின்னம் எவ்வளவு சிறியதானாலும் மேல்நோக்கித்தான் முழுமையாக்க வேண்டும்: 1,334.

பாதுகாப்பு எல்லை என்பது நட்டம் வராமல் விற்பனை எவ்வளவு குறையலாம் என்பது: 2,000 − 1,334 = 666 பைகள். சதவீதத்துக்கு இதை உண்மை விற்பனையான 2,000-ஆல் வகுக்க வேண்டும். விடை சுமார் 33%. தவறிப்போய் 1,334-ஆல் வகுத்தால் 50% என்று வரும், நிலைமை உள்ளதைவிட நன்றாகத் தெரியும். விற்பனை மூன்றில் ஒரு பங்கு சரிந்தாலே லாபம் போய்விடும் என்பதுதான் உண்மை.

சரிபார்க்க: 666 × 30 = 19,980. உண்மை லாபம் 20,000. குறையும் 20 எங்கே? 1,334-ஆவது பையிலேயே 20 லாபம் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

விற்பனையாளருக்கு விலையில் 5% கமிஷன் உண்டென்று கேள்வியில் இருந்தால், அதை நிலைச் செலவில் சேர்க்காதீர்கள். பைக்கு மாறும் செலவு 4 கூடுகிறது, பங்களிப்பு 26 ஆகிறது, புள்ளி 1,539-க்கு ஏறுகிறது, பாதுகாப்பு எல்லை 23%-க்கு இறங்குகிறது.