ஏற்றுமதி ஜி.எஸ்.டி. ரீஃபண்ட்: குறை மெமோ வந்தால் என்ன செய்வது, பாதி வெட்டினால் எப்படிப் பதில் எழுதுவது

வரி கட்டாமல், எல்.யு.டி. என்ற உறுதிமொழிக் கடிதம் போட்டு சரக்கு ஏற்றுமதி செய்துவிட்டு, தேங்கிய இன்புட் வரவைத் திரும்பக் கேட்பவர்களுக்கான விளக்கம் இது. ஐ.ஜி.எஸ்.டி. கட்டி ஏற்றுமதி செய்பவர்களுக்கு ஷிப்பிங் பில்லே ரீஃபண்ட் விண்ணப்பம். அவர்கள் பணம் சுங்கத் துறை வழியாக வருவதால் அந்தப் பாதை வேறு. இங்கே பேசுவது RFD-01 என்ற ரீஃபண்ட் விண்ணப்பம் தாக்கல் செய்பவர்களைப் பற்றி மட்டும்.

திருப்பூர்ப் பனியன் கம்பெனி ஒன்றின் மாதிரிக் கணக்கை வைத்துக் கடைசி வரை போவோம். காலம் 2023 ஏப்ரல் முதல் ஜூன் வரை. இன்வாய்ஸ்படி ஏற்றுமதி 1 கோடி ரூபாய். சரக்குக் கட்டணமும் இன்சூரன்ஸும் இன்வாய்ஸில் சேர்ந்திருந்ததால் ஷிப்பிங் பில்லில் உள்ள எஃப்.ஓ.பி. மதிப்பு 92 லட்சம். உள்நாட்டு விற்பனை 25 லட்சம். அந்தக் காலாண்டில் எடுத்த இன்புட் 6 லட்சம். அதில் 36,000 ரூபாய் தையல் மெஷின் வாங்கியதில் வந்தது.

படி 1: மெமோவுக்குப் பதில் எழுதாதீர்கள்

விண்ணப்பம் போட்ட 15 நாளுக்குள் இரண்டில் ஒன்று வரவேண்டும். எல்லாம் சரி என்றால் RFD-02 என்ற ஒப்புகை, குறை இருந்தால் RFD-03 என்ற குறை மெமோ. முதன்முறை போடுபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். மெமோவில் கேட்ட காகிதங்களை ஒரு கவரிங் லெட்டரோடு அலுவலகத்தில் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். RFD-03 வந்த நொடியே அந்த விண்ணப்பம் செத்துவிட்டது. அதற்குப் பதில் படிவம் என்று ஒன்று கிடையாது. குறையைத் திருத்திப் புதிய விண்ணப்பம் போட வேண்டும் என்பதுதான் விதி 90(3). அதற்கு ARN என்ற விண்ணப்ப எண் புதிதாக வரும். ரீஃபண்ட் உத்தரவுக்கான 60 நாள் கெடுவும் அந்தப் புதிய விண்ணப்பத்திலிருந்துதான் எண்ணப்படும்.

முதல் வேலையாக எலக்ட்ரானிக் கிரெடிட் லெட்ஜரைத் திறந்து பாருங்கள். விண்ணப்பம் போட்டபோது கழிக்கப்பட்ட தொகை மெமோ வந்ததும் தானாகத் திரும்ப ஏறியிருக்க வேண்டும். ஏறாமல் இருந்தால் புதிய விண்ணப்பத்தில் தொகை குறைந்துவிடும், ஏனென்றால் தாக்கல் செய்யும் நாளில் லெட்ஜரில் இருக்கும் இருப்பைத் தாண்டி போர்ட்டல் அனுமதிக்காது. ஏறவில்லை என்றால் அதற்கு முதலில் போர்ட்டலில் புகார் பதியுங்கள்.

படி 2: இரண்டு வருடக் கெடுவைக் கணக்குப் பாருங்கள்

ஜி.எஸ்.டி. சட்டத்தின் பிரிவு 54-இன்படி இரண்டு வருடத்துக்குள் கேட்க வேண்டும். கப்பல் அல்லது விமானச் சரக்கு என்றால் அந்தக் கப்பலோ விமானமோ இந்தியாவை விட்டுக் கிளம்பிய தேதியிலிருந்து எண்ண வேண்டும், இன்வாய்ஸ் தேதியிலிருந்து அல்ல. நம் கம்பெனியின் முதல் கப்பல் 2023 மே 5-ஆம் தேதி கிளம்பியது என்று வைப்போம். முதல் விண்ணப்பம் 2025 ஏப்ரல் 20, மெமோ வந்தது மே 3. கெடு முடிய இரண்டே நாள் இருப்பதாகத் தோன்றும். ஆனால் 2021 மே மாதம் விதி 90(3)-இல் சேர்த்த வாசகத்தின்படி, விண்ணப்பம் போட்ட நாள் முதல் மெமோ கைக்கு வந்த நாள் வரையிலான காலத்தைக் கழித்துவிடலாம். இங்கே அது 13 நாள். ஆகவே மே 18 வரை நேரம் இருக்கிறது. அந்தக் கடைசி நாள் வரை இழுக்க வேண்டாம். கழிவது மெமோ வரையிலான நாட்கள் மட்டும்தான், அதற்குப் பிறகு நீங்கள் காகிதம் தேடும் நாட்கள் கழியாது.

படி 3: மெமோவில் கேட்டது நியாயமா என்று பிரியுங்கள்

நம் மாதிரியில் மெமோ மூன்று விஷயம் கேட்கிறது. ஏற்றுமதிப் பட்டியலான ஸ்டேட்மென்ட் 3-இல் இ.ஜி.எம். எண்ணும் தேதியும் இல்லை. அனெக்ஸர் பி-யில் எச்.எஸ்.என். குறியீடு இல்லை. பணம் வந்ததற்கு வங்கி தரும் சான்றான பி.ஆர்.சி. இணைக்கவில்லை.

முதல் இரண்டும் உண்மையான குறை. இ.ஜி.எம். என்பது சரக்கு உண்மையில் ஏறிக் கிளம்பியதற்கான பதிவு, அது இல்லாமல் ஏற்றுமதி நடந்ததென்று அதிகாரி ஏற்க முடியாது. சுங்கத் துறையின் ஐஸ்கேட் தளத்தில் ஷிப்பிங் பில் எண், தேதி, போர்ட் கோடு கொடுத்தால் கிடைக்கும். போர்ட் கோடு ஒரு எழுத்து மாறினாலும் சுங்கத் தரவோடு பொருந்தாது, அதனால் நினைவிலிருந்து அடிக்காமல் ஷிப்பிங் பில்லைப் பார்த்துப் பதியுங்கள். அனெக்ஸர் பி என்பது இன்புட் எடுத்த ஒவ்வொரு இன்வாய்ஸின் பட்டியல். 2020 மார்ச் 31-இன் 135-ஆம் சுற்றறிக்கையிலிருந்து அதில் எச்.எஸ்.என். அல்லது எஸ்.ஏ.சி. கேட்கப்படுகிறது.

மூன்றாவது அப்படியல்ல. பணம் வந்த சான்று சேவை ஏற்றுமதிக்குத்தான் நிபந்தனை. சரக்கு ஏற்றுமதிக்கு அதை வற்புறுத்தக் கூடாதென்று 2019 நவம்பர் 18-இன் 125-ஆம் சுற்றறிக்கையே சொல்கிறது. பி.ஆர்.சி. கையில் இருந்தால் இணைத்துவிடுங்கள், வம்பு எதற்கு? இன்னும் வரவில்லை என்றால் அதற்காகக் காத்திருக்காமல், அந்தச் சுற்றறிக்கையைச் சுட்டி ஒரு பக்கக் கடிதத்தைப் புதிய விண்ணப்பத்தோடு இணையுங்கள். குறையைத் திருத்திப் போட்ட விண்ணப்பத்துக்கு, பழைய குறை மீதமிருந்தால் அல்லது வேறு பெரிய குறை தெரிந்தால் தவிர இரண்டாவது மெமோ தரக்கூடாது என்பதும் அதே சுற்றறிக்கையில்தான் இருக்கிறது.

படி 4: RFD-08 வந்தால் கணக்கை நீங்களே மறுபடி போடுங்கள்

புதிய விண்ணப்பம் ஏற்கப்பட்ட பிறகு, கேட்ட தொகையில் ஒரு பகுதியை மறுக்க அதிகாரி நினைத்தால் RFD-08 நோட்டீஸ் அனுப்புவார். RFD-09-இல் பதில் தர 15 நாள். பதிலே இல்லையென்றால் அவர் எழுதியதே உத்தரவாகிவிடும்.

நம் கம்பெனி முதலில் கேட்டது இப்படி:

```
ரீஃபண்ட் = ஏற்றுமதி ÷ சரிசெய்த மொத்த விற்றுமுதல் × நிகர இன்புட்
1,00,00,000 ÷ 1,25,00,000 × 6,00,000 = 4,80,000
```

நோட்டீஸில் அதிகாரி இரண்டு திருத்தம் செய்திருக்கிறார். தையல் மெஷின் மூலதனப் பொருள் என்று அந்த 36,000-ஐ நீக்கிவிட்டார். ஏற்றுமதி மதிப்பை எஃப்.ஓ.பி. 92 லட்சமாகக் குறைத்துவிட்டார். ஆனால் கீழே இருக்கும் மொத்த விற்றுமுதலைத் தொடவில்லை:

```
92,00,000 ÷ 1,25,00,000 × 5,64,000 = 4,15,104
```

அதாவது 64,896 வெட்டு. இதைப் பார்த்ததும் மொத்தத்தையும் எதிர்த்து எழுதுவதுதான் பலரின் முதல் எண்ணம். அது வேண்டாம். மெஷின் விஷயத்தில் அவர் சொல்வது சரி. விதி 89(4)-இல் நிகர இன்புட் என்பது இன்புட் பொருளும் சேவையும் மட்டும், மூலதனப் பொருள் சேராது. எஃப்.ஓ.பி.யிலும் பாதி சரி. 2022 ஜூலை 5-இல் சேர்த்த விளக்கப்படி, எஃப்.ஓ.பி., இன்வாய்ஸ் மதிப்பு இரண்டில் எது குறைவோ அதைத்தான் எடுக்க வேண்டும்.

தவறு வகுக்கும் எண்ணில் இருக்கிறது. மேலே குறைத்த ஏற்றுமதி மதிப்பையே மொத்த விற்றுமுதலிலும் வைக்க வேண்டும் என்று 2023 ஜூலை 17-இன் 197-ஆம் சுற்றறிக்கை தெளிவாகச் சொல்கிறது. அப்போது மொத்தம் 92 + 25 = 117 லட்சம்:

```
92,00,000 ÷ 1,17,00,000 × 5,64,000 = 4,43,487
```

ஆகவே 36,513 ரூபாயை விட்டுக்கொடுத்து, 28,383 ரூபாய்க்கு மட்டும் வாதாட வேண்டும். ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொண்ட பதிலில் மீதி வாதம் கண்ணில் படும். எல்லாவற்றையும் மறுக்கும் பத்துப் பக்கப் பதிலில் இந்தச் சின்னக் கணக்கு காணாமல் போய்விடும்.

படி 5: RFD-09 எழுதும் விதம்

போர்ட்டலில் Services > User Services > My Applications போய், Refunds தேர்ந்தெடுத்து அந்த ARN-ஐத் திறந்தால் நோட்டீஸும் பதில் பகுதியும் தெரியும். நோட்டீஸில் உள்ள வரிசையிலேயே பதில் இருக்கட்டும். ஒரு பத்தி போதும்:

"மூலதனப் பொருளின் ரூ. 36,000-ஐ நிகர இன்புட்டிலிருந்து நீக்குவதை ஏற்கிறோம். ஏற்றுமதி மதிப்பை எஃப்.ஓ.பி. ரூ. 92 லட்சமாக எடுப்பதையும் ஏற்கிறோம். ஆனால் 197-ஆம் சுற்றறிக்கையின்படி அதே மதிப்பை மொத்த விற்றுமுதலிலும் எடுத்தால் அது ரூ. 1.17 கோடி. அனுமதிக்க வேண்டிய தொகை ரூ. 4,43,487. உத்தரவுக்கு முன் நேரில் விளக்க வாய்ப்புக் கோருகிறோம்."

இதோடு திருத்திய கணக்குத் தாள், எஃப்.ஓ.பி. தெரியும் ஷிப்பிங் பில்கள், சுற்றறிக்கையின் அந்தப் பக்கம் ஆகியவற்றை இணையுங்கள். நேரில் விளக்கும் வாய்ப்பைக் கோருவதை விட்டுவிடாதீர்கள். வாய்ப்பு தராமல் விண்ணப்பத்தை நிராகரிக்கக் கூடாது என்பது விதி 92(3). நோட்டீஸே இல்லாமல் நேராக வெட்டிய உத்தரவு வந்தால், மேல்முறையீட்டில் முதல் வாதமே அதுதான்.

படி 6: உத்தரவுக்குப் பின், கையெழுத்துப் போடும் முன்

RFD-06 உத்தரவில் 4,43,487 வந்துவிட்டால், மீதி 36,513 தானாக லெட்ஜருக்கு வராது. மேல்முறையீடு செய்யமாட்டோம் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் அதிகாரி PMT-03 என்ற உத்தரவு போட்டு வரவை லெட்ஜருக்குத் திருப்புவார். இங்கே அந்த உறுதிமொழியைக் கொடுத்துவிடலாம். அந்த இன்புட் செல்லாதது அல்ல, ரீஃபண்டாக வராது என்பதுதான் விஷயம். உள்நாட்டு விற்பனை வரிக்குப் பயன்படுத்தலாம்.

பதிலை ஏற்காமல் 4,15,104-க்கே உத்தரவு வந்தால் அந்த உறுதிமொழியில் அவசரப்படாதீர்கள். "கையெழுத்துப் போட்டால் கிரெடிட் உடனே வரும்" என்று சொல்வார்கள், உண்மைதான். ஆனால் அதோடு 28,383-க்கான மேல்முறையீடும் போய்விடும். உத்தரவு கைக்கு வந்து மூன்று மாதத்துக்குள் APL-01 என்ற மேல்முறையீட்டுப் படிவம் போட வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் ஒரு மாதம் மன்னிக்கலாம், அதற்கு மேல் கதவு அடைபடும். புதிய விண்ணப்பத்திலிருந்து 60 நாள் தாண்டி வந்த ரீஃபண்டுக்குப் பிரிவு 56-இன்படி ஆண்டுக்கு 6 சதவீத வட்டி உண்டு. உத்தரவில் வட்டி பற்றி ஒரு வரியும் இல்லையென்றால் அதையும் அதே மேல்முறையீட்டில் தனிப் பத்தியாகக் கேட்டுவிடுங்கள்.