ஸ்டாப்பர் நாலு, விங்கர் பதினாலு: ஜிபிஎஸ் பனியன் சொல்லும் ஓட்டக் கணக்கை வாசிப்பது எப்படி?

"அண்ணே, நான் மொத்தமே அஞ்சு தடவதான் ஓடுனேனா? விங்கரு இருபத்தொண்ணா?" எங்கள் கால்பந்து அணியில் பின்னால் நின்று தடுக்கும் ஸ்டாப்பர் செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டிக் கேட்டான். தேங்காய்ப்பட்டணத்துக்கு மேற்கே கடலோரம் இருக்கிறது எங்கள் மைதானம். ஒரு பக்கக்கோட்டை ஒட்டித் தென்னை வரிசை. ஊர்க்காரர் ஒருவர் வளைகுடாவிலிருந்து வரும்போது, முதுகில் இருக்கும் கருவி ஓடும் வேகத்தைப் பதிவு செய்யும் ஜிபிஎஸ் பனியன் ஆறு கொண்டு வந்து தந்தார். அவற்றைப் போட்டு ஆடிய முதல் ஆட்டம் அன்றுதான் முடிந்திருந்தது.

ஆப் காட்டிய எண்ணை அப்படியே எடுத்து ஒரு இடத்தில் ஆடுபவனோடு இன்னொரு இடத்தில் ஆடுபவனை ஒப்பிட்டால் இப்படித்தான் சண்டை வரும். அதனால் கருவி பதிவு செய்த கோப்பைத் திறந்து கணக்கை நாமே போட்டுப் பார்த்தோம். அந்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். லேப்டாப்பும் ஏதாவது ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டும் இருந்தால் போதும்.

1. எந்த வேகத்துக்கு மேல் எண்ணுகிறோம்?

பெரியவர்களின் ஆண்கள் கால்பந்தில் பரவலாக எடுத்துக்கொள்ளும் எல்லைகள் இரண்டு. நொடிக்கு 5.5 மீட்டர், அதாவது மணிக்கு 19.8 கிலோமீட்டர் தாண்டினால் அது அதிவேக ஓட்டம். நொடிக்கு 7 மீட்டர், அதாவது மணிக்கு 25.2 கிலோமீட்டர் தாண்டினால் ஸ்பிரிண்ட். ஆப்பின் செட்டிங்கில் வேறு எண் இருக்கலாம், அதை முதலில் பாருங்கள். பெண்கள் அணிக்கும் சிறுவர் அணிக்கும் இந்த எல்லைகளைக் குறைத்தே வைப்பார்கள்.

எல்லாருக்கும் ஒரே எல்லை நியாயமா என்று கேட்பீர்கள். ஒருவனின் உச்ச வேகம் 32 கிலோமீட்டர் என்றால் 25.2 என்பது அவனுடைய வேகத்தில் 79 சதவீதம்தான். உச்ச வேகமே 27 உள்ளவனுக்கு அது 93 சதவீதம், கிட்டத்தட்ட முழு மூச்சு. அதனால் ஒருவன் உடம்பு எவ்வளவு களைத்தது என்று பார்க்க அவனவன் உச்ச வேகத்தின் சதவீதம்தான் சரி. அந்த இடத்தில் ஆட என்ன வேகம் தேவைப்படுகிறது என்று பார்க்க எல்லாருக்கும் ஒரே எல்லை வேண்டும். நமக்கு இன்று வேண்டியது இரண்டாவது.

2. விசில் முதல் விசில் வரை வெட்டுங்கள்

கருவியை ஆட்டத்துக்குக் கால் மணி நேரம் முன்பே திறந்த வெளியில் ஆன் செய்து வைத்துவிடுவோம், செயற்கைக்கோள்களைப் பிடிக்க நேரம் வேண்டும். அதன் விளைவாக வார்ம்-அப்பும் கோப்பில் ஏறிவிடும். எங்கள் விங்கர் வார்ம்-அப்பில் ஐந்து முறை முழு வேகத்தில் ஓடினான். வெட்டாமல் விட்டால் அவையும் ஆட்டக் கணக்கில் சேர்ந்துவிடும்.

ஆட்டம் 4.32க்குத் தொடங்கியதாகக் குறித்து வைத்திருந்தேன். கோப்பில் அந்த நேரத்தைத் தேடினால் ஒன்றுமே இல்லை. அரை மணி நேரம் மண்டையை உடைத்த பிறகுதான் புரிந்தது. கருவியின் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது, நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். 16:32 அங்கே 11:02. அந்த வரியிலிருந்து முதல் பாதி 35 நிமிடம், இடைவேளையை நீக்கிவிட்டு அடுத்த பாதி 35 நிமிடம். மிச்சத்தை எல்லாம் அழித்துவிட்டேன்.

3. பொய் வேகத்தைக் களையுங்கள்

வேக நெடுவரிசையைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கிப் பாருங்கள். எங்கள் பேக் ஆட்டக்காரனுக்கு நொடிக்கு 11.6 மீட்டர் என்று வந்தது. மணிக்கு ஏறக்குறைய 41.8 கிலோமீட்டர்! 2009இல் பெர்லினில் உசேன் போல்ட் 100 மீட்டரை 9.58 நொடியில் ஓடியபோதே உச்ச வேகம் 44 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டியதுதான். நம் பையன் நல்லவன்தான், ஆனால் அவ்வளவு இல்லை.

அந்த வரியைச் சுற்றிப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். முந்தைய வரியில் வேகம் 5.1, பத்தில் ஒரு நொடியில் 11.6. மனிதக் காலால் ஆகாத காரியம். அதே வரிகளில் செயற்கைக்கோள் எண்ணிக்கை 14லிருந்து 5ஆக இறங்கியிருந்தது. அவன் தென்னை வரிசை ஓரமாக ஓடிய நேரம் அது. ஓலை வானத்தை மறைத்தால் சிக்னல் குழம்பும். பனியன் தொளதொளவென்று இருந்து முதுகில் கருவி ஆடினாலும் இந்த மாதிரித் துள்ளல் வரும். அதனால் பனியன் இறுக்கமாக இருக்க வேண்டும், கருவி தோள்பட்டைகளுக்கு நடுவே அசையாமல் நிற்க வேண்டும்.

அந்த மாதிரி வரிகளில் வேகத்தை மட்டும் அழித்து வெறுமையாக விட்டுவிடுங்கள். ஒரு பாதியில் சில நொடி என்றால் பரவாயில்லை. நிமிடக் கணக்கில் போனால் அந்தப் பாதியையே ஒப்பீட்டில் சேர்க்காதீர்கள்.

4. தூரம்: ஒரே ஒரு சூத்திரம்

எங்கள் கருவி நொடிக்குப் பத்து முறை பதிவு செய்கிறது, அதாவது 10 ஹெர்ட்ஸ். 70 நிமிடம் என்றால் 42,000 வரிகள். A நெடுவரிசையில் நேரம், B நெடுவரிசையில் நொடிக்கு மீட்டர் கணக்கில் வேகம். ஒவ்வொரு வரியும் 0.1 நொடி என்பதால், எல்லைக்கு மேலுள்ள வேகங்களைக் கூட்டி 0.1ஆல் பெருக்கினால் அதிவேக ஓட்டத் தூரம் மீட்டரில் கிடைத்துவிடும்:

```
=SUMIF(B2:B42001,">=5.5")*0.1
```

இதில் ஸ்பிரிண்ட் தூரமும் அடங்கும். சில ஆப்கள் அதைக் கழித்துவிட்டுத் தனியாகக் காட்டும், வேறு அணியோடு ஒப்பிடும்போது அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். கோப்பில் அட்சரேகை, தீர்க்கரேகை இருந்தாலும் அவற்றிலிருந்து வேகத்தை நீங்களே கணக்கிட வேண்டாம். இடப்புள்ளிகள் கொஞ்சம் அலைபாயும், அந்த அலைச்சல் எல்லாம் ஓட்டமாகச் சேர்ந்துவிடும்.

5. ஸ்பிரிண்ட் எண்ணிக்கை: இங்கேதான் வம்பு

விங்கரின் 34ஆவது நிமிடத்தைத் திறந்தேன். 0.7 நொடி அவன் வேகம் 7க்கு மேல். அப்புறம் 0.2 நொடி 6.9. மறுபடி 1.3 நொடி 7க்கு மேல். இது ஒரு ஸ்பிரிண்டா, இரண்டா?

எல்லையைத் தொட்டாலே ஒன்று என எண்ணும் ஆப் இதை இரண்டு என்று சொல்லும். குறைந்தது அரை நொடி நீடிக்க வேண்டும் என்றாலும் இரண்டுதான். ஒரு நொடி நீடிக்க வேண்டும் என்றால் ஒன்று. செல்போன் வீடியோவில் பார்த்தேன். நடுக்கோட்டிலிருந்து கார்னர் வரை ஒரே ஓட்டம். இடையில் எதிரணிக்காரன் நீட்டிய காலைத் தாண்டிக் குதித்தான், அந்தக் குதிதான் 0.2 நொடி இறக்கம். கண்ணுக்கு அது ஒன்று.

நான் ஒரு நொடி விதியை வைத்துக்கொண்டேன். C2இல் இதை எழுதிக் கடைசி வரி வரை இழுங்கள்:

```
=IF(B2>=7,N(C1)+1,0)
```

வேகம் 7க்கு மேல் இருக்கும்வரை C ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறும், கீழே இறங்கியதும் பூஜ்யம். ஒரு நொடி என்பது பத்து வரி. ஆகவே C எத்தனை முறை 10ஐத் தொட்டது என்று எண்ணினால் போதும், எவ்வளவு நீண்ட ஓட்டமானாலும் ஒருமுறைதான் 10ஐக் கடக்கும்:

```
=COUNTIF(C2:C42001,10)
```

ஆப் விங்கருக்குக் காட்டிய 21, இந்த விதியில் 14 ஆனது. ஸ்டாப்பரின் 5, நான்கு ஆனது. கவனியுங்கள், இருவரும் ஒரே அளவில் குறையவில்லை. விங்கர் எல்லையைத் தொட்டுத் தொட்டு இறங்குபவன், அதனால் சின்னத் துண்டுகள் அவன் கணக்கில்தான் அதிகம். விதி மாறினால் இடங்களுக்கு இடையிலான இடைவெளியே மாறும். சீசன் நடுவில் விதியை மாற்றாதீர்கள், ஆப் அப்டேட் ஆனால் பழைய கோப்பு ஒன்றை மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

6. நிமிடத்தால் வகுங்கள்

எங்கள் ஒரு ஆட்டத்தின் அதிவேக ஓட்டக் கணக்கு இது. ஸ்ட்ரைக்கரின் கருவி இடைவேளையோடு சார்ஜ் இறங்கி நின்றுவிட்டது, அவனை விட்டுவிட்டேன்.

விங்கர் 70 நிமிடத்தில் 630 மீட்டர், நிமிடத்துக்கு 9. பேக் 546 மீட்டர், நிமிடத்துக்கு 7.8, ஸ்பிரிண்ட் 10. சென்டர் ஹாஃப் 434 மீட்டர், நிமிடத்துக்கு 6.2, ஸ்பிரிண்ட் 5. ஸ்டாப்பர் 280 மீட்டர், நிமிடத்துக்கு 4, ஸ்பிரிண்ட் 4.

கடைசி 22 நிமிடம் இன்னொரு விங்கில் சப்ஸ்டிட்யூட்டாக இறங்கியவன் 286 மீட்டர் ஓடினான், நிமிடத்துக்கு 13. "அப்போ இவனத்தான முதல்லயே எறக்கணும்" என்று கரையில் நின்ற பெரியவர் ஒருவர் தீர்ப்பே சொல்லிவிட்டார். அவசரப்படக் கூடாது. முழு ஆட்டம் ஆடிய விங்கரின் முதல் 22 நிமிடத்தை மட்டும் வெட்டிப் பார்த்தேன். 264 மீட்டர், நிமிடத்துக்கு 12. காலில் தெம்பு இருக்கும்போது அவனும் அப்படித்தான் ஓடியிருக்கிறான். 22 நிமிட எண்ணை 22 நிமிட எண்ணோடுதான் வைத்துப் பார்க்க வேண்டும்.

7. எண்ணுக்குப் பின்னால் இருக்கும் ஓட்டம்

சென்டர் ஹாஃபையும் ஸ்டாப்பரையும் பாருங்கள். ஸ்பிரிண்ட் 5, 4 என்று கிட்டத்தட்ட ஒன்றுதான். அதிவேக ஓட்டத் தூரமோ 434, 280. இப்போது 7க்கு மேல் ஓடிய தூரத்தைத் தனியாக எடுத்தேன், மேலே உள்ள சூத்திரத்தில் 5.5க்குப் பதில் 7. சென்டர் ஹாஃபுக்கு 60 மீட்டர், ஸ்டாப்பருக்கு 95. சென்டர் ஹாஃப் நடுத்தர வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறான், உச்சத்துக்குப் போவது கொஞ்சம்தான். ஸ்டாப்பர் பெரும்பாலும் நின்று நடந்து நகர்கிறான், ஓட வேண்டி வந்தால் முழு மூச்சில் நீளமாக ஓடுகிறான்.

அவனுடைய நான்கையும் வீடியோவோடு சேர்த்து அவனுக்கே காட்டினேன். இரண்டு, தலைக்கு மேலே போன பந்துக்குத் திரும்பி ஓடியவை, ஒவ்வொன்றும் 30 மீட்டருக்குக் கிட்ட. "இதுல விட்டிருந்தா கோல்ணே" என்றான். ஆமாம். அதனால் அவன் பயிற்சியில் விங்கரின் பதினாலைத் திணிக்கவில்லை. பின்னோக்கி நகர்ந்து, சட்டென்று திரும்பி, 30 மீட்டர் ஓடும் ஓட்டம் நான்கு, ஒவ்வொன்றுக்கும் நடுவே நல்ல ஓய்வு.

இந்த இரண்டு எண்களில் வராத உழைப்பும் உண்டு. ஹெட் அடிக்க எழும்புவது, தோளோடு தோள் முட்டுவது, மூன்றடி பாய்ந்து நின்று திரும்புவது எதுவுமே 19.8ஐத் தொடாது. எங்கள் மைதானத்தின் மணல் கூடிய மூலையில் எல்லாருக்குமே வேகம் எழும்பாது, உழைப்பு மட்டும் கூடும்.

இன்னொரு சிக்கல். ஆறு பனியனில் ஓர் இடத்துக்கு ஓர் ஆள்தான். அப்படியானால் நான்கு ஸ்பிரிண்ட் என்பது ஸ்டாப்பர் இடத்தின் கணக்கா, இந்தப் பையனின் கணக்கா? ஒரு ஆட்டத்தை வைத்துச் சொல்லவே முடியாது. எதிரணி பந்தை உயர்த்தி அடிக்கும் அணியாக இருந்தால் எட்டு கூட வரலாம். ஸ்பிரிண்ட் எண்ணிக்கை ஆட்டத்துக்கு ஆட்டம் அவ்வளவு ஆடும். அதனால் அடுத்த ஞாயிறு அதே பனியனை இன்னொரு ஸ்டாப்பருக்குப் போடுகிறோம். நம் பையன் அன்று பேக்கில் ஆடுவான், அங்கே ஒரு பனியன் இருக்கிறது. ஐந்தாறு ஆட்டம் இப்படி மாற்றி மாற்றிச் சேர்த்த பிறகுதான் இடத்துக்கான எண் என்று ஒன்றை நோட்டில் எழுதப் போகிறேன்.