முதல் மாதக் கூட்டத்தை நம்பி மாடியை வாடகைக்கு எடுக்காதீர்கள்

போன வாரம் ஒரு தம்பி வந்தார். பெருநகரத்தில் பார்த்த குழந்தைகள் விளையாட்டுக்கூடத்தைத் தன் சிற்றூரில் அப்படியே திறந்து ஐந்து வாரம் ஆகியிருக்கிறது. "கூட்டம் தாங்கவில்லை அண்ணா, பக்கத்துக் கூடத்தையும் எடுக்கப் போகிறேன்" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏழு வருடத்துக்கு முன் இதே தொழிலில், இதே வாசகத்தை, இதே சந்தோஷத்தோடு நானும் சொல்லியிருக்கிறேன்.

இடம் பார்ப்பது, உரிமம் வாங்குவது பற்றியெல்லாம் எல்லோரும் சொல்வார்கள். நான் விட்டுவிடுகிறேன். நான் செய்த தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

புது முகம் தீராது என்று நினைப்பது

நான் பார்த்து அப்படியே திறந்த கடையின் நகரத்துக்காரர் எனக்குக் கணக்கை மறைக்கவில்லை. நாளுக்கு 60 டிக்கெட் விற்றால் வாடகை, சம்பளம், மின்சாரம் போக லாபம் நிற்கும் என்றார். நானும் 60 டிக்கெட்டுக்கு ஏற்ற இடம், சாதனங்கள், ஆட்கள் என்று வைத்தேன். அந்த 60 பேரில் எத்தனை பேர் அன்றுதான் முதன்முறை வருகிறார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் கடையே திறந்திருக்க மாட்டேன், அல்லது வேறு மாதிரி திறந்திருப்பேன்.

கணக்கு இதுதான். நாளுக்கு 60 என்றால் மாதம் 1,800 டிக்கெட். அவர் கடைக்கு அரை மணி நேரத்தில் வந்துவிடக்கூடிய தொலைவில் ஆறு லட்சம் பேர் இருந்தார்கள். எட்டில் ஒருவர் விளையாடும் வயதுக் குழந்தை என்று வைத்தால் 75,000. அதில் காசு கொடுத்து அழைத்து வரும் வீட்டுப் பிள்ளைகள் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 15,000. ஒவ்வொரு பிள்ளையும் எட்டு மாதத்துக்கு ஒருமுறை வந்தாலே அவருக்குப் போதும். என் ஊரில் 40,000 பேர். அதே விகிதத்தில் 1,000 பிள்ளைகள். 1,800 டிக்கெட் விற்க, ஒவ்வொரு பிள்ளையும் மாதத்துக்கு ஏறக்குறைய இரண்டு முறை வந்தாக வேண்டும். அதே பலூன் பந்தையும் சறுக்கையும் பார்க்க எந்தப் பிள்ளை மாதம் இரண்டு முறை வரும்?

ஆனால் முதல் மாதம் 2,100 டிக்கெட் விற்றது. சிற்றூரின் மாயமே அதுதான். புதிதாக ஒன்று திறந்தால் வாங்க நினைப்பவர் மட்டுமல்ல, வேடிக்கை பார்க்க நினைப்பவரும் வருவார். சாதாரண நாளில் டிக்கெட் எடுக்காத வீட்டுப் பிள்ளைகளும் ஒருமுறை வந்து போனார்கள். அதை நான் தேவை என்று எண்ணி, மாடியையும் மூன்று வருட ஒப்பந்தத்தில் எடுத்தேன். மூன்றாம் மாதம் 900. ஐந்தாம் மாதத்திலிருந்து 550க்கும் 600க்கும் நடுவே நின்றுவிட்டது. கடை மோசமானதால் அல்ல. ஊர் ஒரு சுற்று வந்து முடித்துவிட்டது. காலி மாடிக்கு இரண்டரை வருடம் வாடகை கட்டினேன். இன்றும் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டுதான் போகிறேன்.

முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி இருந்தது. டிக்கெட் கொடுக்கும்போது "முன்பு வந்திருக்கிறீர்களா?" என்று கேட்டு, புதியவர் என்றால் பு, மறுபடி வந்தவர் என்றால் ம என்று நோட்டில் போட்டாலே போதும். வாரத்துக்கு வாரம் 'பு' குறைவது இயல்பு. அதற்கு ஈடாக 'ம' ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறவில்லையென்றால், கூட்டம் இருக்கும்போதே கடை வற்றத் தொடங்கிவிட்டது.

அப்படியானால் எதை மாற்றுவது? அளவை. நாளுக்கு 20 டிக்கெட்டில் பிழைக்கும்படி பாதி இடம், ஒரு ஆள், கூட்டம் வரும் மாலையிலும் விடுமுறையிலும் மட்டும் திறப்பு. பிறகு, அதே பிள்ளை திரும்பி வரக் காரணம்: மாதச் சந்தா, பிறந்தநாளுக்குக் கூடத்தை மொத்தமாக விடுவது, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சாதனங்களை இடம் மாற்றுவது. கடைசியாகச் சொன்னதற்குச் செலவே இல்லை, ஆனால் பிள்ளைகள் அதைத்தான் முதலில் கவனிக்கிறார்கள். சாதனங்களைத் தரையில் பதிக்காமல் கழற்றி மாட்டும்படி வாங்கினால்தான் அது நடக்கும்.

பழுதுக்கு ஆள் வருவார் என்று நம்புவது

நகரத்தில் காற்றூதும் மோட்டார் நின்றால் அன்று மாலையே ஆள் வருவார். எனக்கு நாலு நாள் ஆனது, நடுவில் ஒரு ஞாயிறு. அடிக்கடி போகும் பாகங்களில் ஒன்றைக் கையிருப்பில் வையுங்கள். உள்ளூர் மோட்டார் மெக்கானிக் ஒருவருக்குக் கடை திறக்கும் முன்பே இயந்திரத்தைக் காட்டிவிடுங்கள்.

விளம்பரத்துக்குக் கொட்டுவது

ஊருக்கே தெரியும். தேவையில்லை.

கடன் சொல்பவர்களிடம் கூச்சப்படுவது

முதல் நாளே பலகை மாட்டுங்கள்.

தம்பியை அவர் டிக்கெட் நோட்டோடு மறுபடி வரச் சொன்னேன். வந்தார். பெயர் எழுதும் பழக்கம் இருந்ததால், கடைசி 100 டிக்கெட்டை இருவரும் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து ஒப்பிட்டுப் பார்த்தோம். இரண்டாம் முறை வந்தவர்கள் 14 பேர். பக்கத்துக் கூடத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டீர்களா என்று கேட்டேன். திங்கட்கிழமை கொடுப்பதாக இருந்ததாம்.